ஆங்கில டிஸ்சார்ஜ் சம்மரியை வீட்டாருக்காகத் தமிழில் எழுதுவது எப்படி? பெங்களூரில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் சிகிச்சை பெற்றுவிட்டு ஊருக்குத் திரும்பும் பெரியவர்களின் கையில் மருத்துவமனை கொடுத்தனுப்பும் டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில்தான் இருக்கும். உணவு, நடைப்பயிற்சி பற்றிய அறிவுரைத் தாள் கன்னடத்தில் கிடைக்கலாம். மருந்துப் பட்டியல் அப்படிக் கிடைப்பதில்லை. ஊரில் மாத்திரை எடுத்துக் கொடுக்கப்போகிறவருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியுமென்றால், அந்தத் தாளைத் தமிழாக்கும் வேலை இங்கே இருக்கும் மகனுக்கோ மருமகளுக்கோ வந்துசேரும். என் மாமனார் மாரடைப்புக்கு இங்கே சிகிச்சை பெற்றுத் தருமபுரிக்குத் திரும்பியபோது அது எனக்கு வந்தது. மாத்திரை கொடுக்கும் பொறுப்பு முழுவதும் என் மாமியாருடையது. அவர் தமிழ் நாளிதழை ஒரு வரி விடாமல் படிப்பவர், ஆங்கிலம் தெரியாதவர். கீழே உள்ளவை அவருடைய தாளை எழுதியபோது சேர்ந்த குறிப்புகள். மாமனாரின் சம்மரியையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

இந்தத் தமிழ்த் தாள் வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே. அடுத்து பார்க்கும் மருத்துவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஆங்கில அசலையே காட்டவேண்டும். ஆகவே நோட்டரி கையொப்பமோ சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்போ தேவையில்லை. அவற்றுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

1. கையொப்பமாவதற்கு முன்பே வரைவைக் கேட்டு வாங்குங்கள்

காலைச் சுற்றில் பெரிய டாக்டர் "இன்று வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்வதற்கும் நீங்கள் உண்மையில் கிளம்புவதற்கும் இடையே பல மணி நேரம் கழியும். சம்மரியைப் பெரும்பாலும் வார்டில் உள்ள இளநிலை மருத்துவர் தட்டச்சு செய்வார், பெரிய டாக்டர் திருத்துவார், அதன்பின் பில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும். பணமில்லாச் சிகிச்சையாக இருந்தால், மருத்துவமனையின் கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி ஒப்புதல் தரவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. எல்லாரும் பில் கவுண்டரின் முன்னால் காத்திருக்கும் அந்த நேரம்தான் உங்களுக்கு மிகவும் பயன்படும். வார்டு செவிலியரிடம் வரைவுப் பிரதி ஒன்று கேளுங்கள். கொடுக்கவில்லையென்றால், அச்சிட்ட சம்மரி கைக்கு வந்ததும் அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன் கேட்ட கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் கிடைக்கும். வீட்டுக்கு வந்தபின் தொலைபேசியில் அதே பதிலைப் பெற ஒரு நாள்கூட ஆகலாம்.

சம்மரியோடு மூன்று காகிதங்கள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள்: ஆஞ்சியோகிராம் போன்ற சோதனையின் அறிக்கை, ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் விவரம் அச்சிட்ட ஒட்டுத்தாள், மருந்தகத்தின் பில். மருந்துப் பெயரைச் சரிபார்க்க அந்த பில் உதவும். ஏதேனும் விடுபட்டிருந்தால் எழுத்து மூலமாகக் கேளுங்கள். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளில் உள்ளது.

2. முழுவதையும் மொழிபெயர்க்காதீர்கள்

நான்கு பக்கச் சம்மரியில் வீட்டாருக்குத் தேவையானது ஒரு பக்கம்கூட இருக்காது. சேரும்போது இருந்த நாடித்துடிப்பு, ரத்தச் சோதனை அட்டவணை, ஸ்டென்ட் வைத்த முறையின் நுணுக்கங்கள் ஆகியவை அடுத்த மருத்துவருக்காக எழுதப்பட்டவை. அவற்றைத் தமிழில் எழுதினால் தாள் நீளும், மாத்திரை வரி எங்கே இருக்கிறது என்று தேடவேண்டிவரும். தமிழில் வேண்டியவை: நோயறிதல், என்ன சிகிச்சை நடந்தது, மருந்துகள், எந்த அறிகுறி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும், மறுபரிசோதனை நாள்.

இவற்றை இரண்டு தாள்களாக எழுதுங்கள். நோயறிதல் தாளை உறவினர்கள் வாங்கிப் படிப்பார்கள், அது கைமாறும். மருந்துத் தாள் மாத்திரைப் பெட்டியை விட்டு நகரக்கூடாது.

3. நோயறிதல்: கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்

சம்மரியின் தலைப்பகுதியில் சுருக்கெழுத்துகள் குவிந்திருக்கும். ஒவ்வொன்றையும் முதலில் விரித்து ஆங்கிலத்திலேயே எழுதி, அதை வார்டு மருத்துவரிடம் காட்டி உறுதி செய்தபின் தமிழுக்கு வாருங்கள். ஊகித்து விரிக்கக்கூடாது. இரண்டெழுத்துச் சுருக்கம் துறைக்குத் துறை வேறு பொருள் தரும். மருந்துப் பட்டியலில் 'ஓ.டி.' என்றால் தினம் ஒருவேளை, கண் மருத்துவரின் சீட்டில் அதே 'ஓ.டி.' வலது கண்.

மாமனாரின் நோயறிதலில் முதல் வரி, இதயத்தின் கீழ்ச்சுவரில் ஏற்பட்ட மாரடைப்பு. இதில் 'அக்யூட்' என்ற சொல்லும் இருந்தது. நாளிதழ்களில் அதைத் 'தீவிர' என்று எழுதும் வழக்கம் உண்டு. ஆனால் 'சிவியர்' என்பதற்கும் நாம் 'தீவிர' என்றே எழுதுகிறோம். முன்னது திடீரென வந்ததைக் குறிக்கிறது, பின்னது எவ்வளவு கடுமை என்பதை. ஆகவே முதல் வரியில் 'திடீரென ஏற்பட்ட' என்றே எழுதினேன். மாரடைப்பு, இதயத்துடிப்பு நின்றுபோதல், இதயச் செயலிழப்பு ஆகிய மூன்றும் பேச்சுவழக்கில் ஒன்றுபோலப் புழங்கினாலும் மூன்றும் வேறுவேறு நிலைகள். சம்மரியில் எது இருக்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள்.

அடுத்த வரி ஆஞ்சியோகிராம் முடிவு. வலது ரத்தக்குழாயில் 90 சதவீத அடைப்பு, அதற்கு மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்று வைக்கப்பட்டது. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இன்னொரு குறிப்பு இருந்தது: இடது முன்புற ரத்தக்குழாயில் 40 சதவீத அடைப்பு, மருந்தால் பார்த்துக்கொள்ளவேண்டும். வீட்டார் மனம் வருந்துவார்கள் என்று நினைத்து இதுபோன்ற வரியை விட்டுவிடுவது பலரும் செய்யும் காரியம். விட்டுவிட்டால், 'அடைப்பைத்தான் எடுத்தாகிவிட்டதே, இத்தனை மாத்திரை எதற்கு?' என்று ஆறு மாதம் கழித்து அவர்களுக்குத் தோன்றும். அந்த இரண்டாவது குழாயைப் பற்றித் தெரிந்திருந்தால் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

மூன்றாவது, இதயத்தின் வெளியேற்று விகிதம் 45 சதவீதம் என்ற வரி. இதை அப்படியே எழுதினால், இதயம் பாதிக்கும் குறைவாகத்தான் வேலை செய்கிறது என்றே யாரும் படிப்பார்கள். இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வெளியேறுகிறது என்பதை இந்த எண் சொல்கிறது. நல்ல ஆரோக்கியமான இதயத்திலும் இது 100 ஆக இருப்பதில்லை. ஏறக்குறைய 55 முதல் 70 வரை இருக்கும். இந்த ஒரு வரிக்கு மட்டும் விளக்கம் சேர்த்தேன். எண்ணை மாற்றாமல், அதன் பக்கத்திலேயே, 'வழக்கமான அளவு 55 முதல் 70. இவருக்குச் சிறிதளவு குறைந்துள்ளது' என்று எழுதினேன். 'சிறிதளவு' என் ஆறுதல் சொல் அன்று; சம்மரியில் 'மைல்ட்' என்று இருந்ததன் தமிழ். மருத்துவர் போட்ட அளவுச்சொல்லை மட்டுமே போடவேண்டும்.

கடைசி வரியில் ஒரு கேள்விக்குறியும் அதையடுத்து 'எல்.ஆர்.டி.ஐ.' என்றும் இருந்தது. கீழ்ச் சுவாசப் பாதையில் தொற்று இருக்கலாம் என்ற சந்தேகம் என்று பொருள். கேள்விக்குறியை விட்டுவிட்டு 'நுரையீரலில் தொற்று' என்று எழுதிவிட்டால், மருத்துவர் உறுதி செய்யாத ஒரு நோயை நாம் உறுதி செய்துவிடுகிறோம். 'ரூல் அவுட்' என்ற சொல்லும் அப்படித்தான். அதைச் 'சோதித்து விலக்கவேண்டியது' என்று எழுதுங்கள். 'நோ எவிடன்ஸ் ஆஃப்' என்று தொடங்கும் வரி, அந்தக் கோளாறு காணப்படவில்லை என்று சொல்கிறது. அவசரத்தில் கோளாறின் பெயர் மட்டும் கண்ணில் பட்டுத் தலைகீழாகப் போய்விடும்.

4. மருந்துத் தாள்: ஒரு மருந்துக்கு ஒரு வரி

பெயரை மொழிபெயர்க்காதீர்கள். அட்டையில் அச்சாகியிருக்கும் ஆங்கில எழுத்தையே பார்த்து வரைந்ததுபோல முதலில் எழுதி, அதன் கீழே தமிழில் உச்சரிப்பைத் தாருங்கள். தமிழில் மட்டும் எழுதினால் மாமியார் அட்டையோடு ஒப்பிட முடியாது. ஊர் மருந்துக்கடைக்காரரும் ஒலியை வைத்து வேறொரு மருந்தை எடுத்துவிடக்கூடும். வணிகப் பெயர், உள்ளிருக்கும் மருந்தின் பெயர் இரண்டும் வேண்டும், ஏனென்றால் அடுத்த மாதம் வேறு நிறுவனத்தின் அட்டை வரலாம். பெயரோடு ஒட்டிவரும் 'எக்ஸ்.எல்.', 'எஸ்.ஆர்.' போன்ற எழுத்துகளும் பெயரின் பகுதிதான். மருந்து உடலில் மெதுவாக இறங்கும்படி செய்யப்பட்டது என்பதை அவை காட்டுகின்றன. அவ்வகை மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது என்று அந்த வரியிலேயே எழுதிவிடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை இரண்டு எண்களைத் தனித்தனியே எழுதவேண்டும்: ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம், ஒருவேளைக்கு எத்தனை மாத்திரை. என் மாமனாருக்கு மெட்டோப்ரோலால் எக்ஸ்.எல். 25 மி.கி. மாத்திரையில் பாதி, காலையில். 'பாதி மாத்திரை' என்று மட்டும் எழுதினால் போதாது. இதே மருந்து 12.5 மி.கி. மாத்திரையாகவும் கடையில் கிடைக்கிறது. கடைக்காரர் அக்கறையோடு அதைக் கொடுத்து, வீட்டில் பழக்கப்படி அதையும் பாதியாக்கினால், நோயாளிக்கு வேண்டியதில் பாதி அளவுதான் போய்ச் சேரும். ஆகவே அந்த வரி இப்படி அமைந்தது: '25 மி.கி. மாத்திரையில் அரை மாத்திரை. அட்டையில் வேறு எண் இருந்தால் கொடுக்கவேண்டாம், எனக்குப் போன் செய்யுங்கள்.'

மில்லிகிராமையும் மைக்ரோகிராமையும் 'மி.கி.' என்று ஒரே சுருக்கமாக எழுதிவிடாதீர்கள். தைராய்டு மாத்திரைகள் மைக்ரோகிராம் கணக்கில் வருபவை. இன்சுலினுக்கு 'யூனிட்' என்று முழுச் சொல்லையும் எழுதுங்கள். ஆங்கிலத்தில் கையால் எழுதும் 'யு' பூஜ்யம்போலத் தெரிந்து 10 என்பது 100 ஆகப் படிக்கப்படுவது மருத்துவமனைகளே எச்சரிக்கும் பிழை.

வேளைகளுக்கு வருவோம். '1-0-1' என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. இதை எண்ணாக விடாமல் 'காலை', 'மதியம்', 'இரவு' என்று மூன்று கட்டங்கள் போட்டு, மாத்திரை இல்லாத கட்டத்தில் 'இல்லை' என்று எழுதுங்கள். வெற்றுக் கட்டம் எழுத மறந்ததுபோலத் தோன்றும். 'ஓ.டி.' என்ற குறிப்பு ஒருவேளை என்று மட்டுமே சொல்கிறது, எந்த வேளை என்று சொல்வதில்லை. அதைக் கேட்டுத்தான் எழுதவேண்டும். 'பி.டி.' இருவேளை, 'டி.டி.எஸ்.' மூன்று வேளை, 'எச்.எஸ்.' படுக்கப்போகும்போது. சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதற்கு ஒரு தனிக் கட்டம் ஒதுக்குங்கள். எங்கள் தாளில் பான்டோப்ரசோல் 40 மி.கி. மட்டும் காலை உணவுக்கு முன். ஆஸ்பிரின் 75 மி.கி. மதிய உணவுக்குப் பின்.

5. சம்மரி சொல்லாமல் விட்டதைக் கேட்டு நிரப்புங்கள்

அச்சிட்ட வரியை அப்படியே தமிழாக்கினாலும் வீட்டில் ஒருவர் அதை வைத்துக்கொண்டு செயல்பட முடியாத இடங்கள் உண்டு. எங்கள் சம்மரியில் அப்படி நான்கு இருந்தன.

ஐசோசார்பைடு டைநைட்ரேட் 5 மி.கி., நாக்கின் கீழ், 'எஸ்.ஓ.எஸ்.' என்றிருந்தது. தேவைப்பட்டால் என்று பொருள். எந்தத் தேவை? எத்தனை மாத்திரை வரை? எத்தனை நிமிட இடைவெளி? எப்போது அடுத்த மாத்திரைக்குக் காத்திராமல் 108ஐ அழைப்பது? இவற்றை மருத்துவரிடம் கேட்டு, அவர் சொன்னதை அவர் கண்முன்னே எழுதி, அவரிடமே படித்துக் காட்டினேன். விழுங்கக்கூடாது, உட்கார்ந்த நிலையில் வைத்துக்கொள்ளவேண்டும் என்ற இரண்டும் அப்படிக் கேட்டபோது வந்தவை.

அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 625 மி.கி., 1-0-1, ஐந்து நாள். ஐந்து நாள் எப்போது தொடங்குகிறது? மருத்துவமனையில் கொடுத்த நாள்கள் அதில் சேருமா? வீட்டுக்குப் போனதிலிருந்து ஐந்து நாள் என்று மருத்துவர் சொன்னார். 12ஆம் தேதி காலை வேளையை வார்டிலேயே கொடுத்துவிட்டார்கள். ஆகவே 12 இரவு முதல் மாத்திரை, 17 காலை கடைசி மாத்திரை, ஆக மொத்தம் பத்து. தாளில் 'ஐந்து நாள்' என்பதோடு இந்தத் தேதிகளையும் மாத்திரைக் கணக்கையும் எழுதினேன். பத்து மாத்திரையும் தீர்ந்ததா என்று போனில் கேட்டால் முறையாகக் கொடுத்தார்களா என்பது உடனே தெரிந்துவிடும்.

மெட்ஃபார்மின் 500 மி.கி. என்பதற்கு எதிரே 'ஹோல்ட்' என்று இருந்தது. ஆஞ்சியோகிராமில் செலுத்தும் சாயத்துக்குப்பின் சிறுநீரகத்தைக் கருதிச் சிலருக்கு இதை 48 மணி நேரம் கொடுக்காமல் வைப்பார்கள். இதை 'நிறுத்தவும்' என்று எழுதினால் நிரந்தரமாக நின்றுவிடும், சர்க்கரை ஏறும். 'தற்காலிகமாகக் கொடுக்கவேண்டாம், 14ஆம் தேதி கிரியாட்டினின் சோதனை முடிவை டாக்டரிடம் சொல்லி, அவர் சொன்னபின் தொடங்கவேண்டும்' என்பதுதான் சரியான வரி.

நான்காவது, டிகாக்ரிலர் 90 மி.கி. காலையும் இரவும், 'தொடரவும்' என்று மட்டும் இருந்தது. எவ்வளவு காலம்? ஓராண்டு என்றார்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினோடு சேர்ந்து வேலை செய்யும் மருந்து இது. பல் பிடுங்குவதற்காகக்கூட இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது என்பதைத் தாளின் தலையில் தனி வரியாக, பெரிய எழுத்தில் எழுதினேன். சம்மரியில் இல்லாமல் வாய்மொழியாகக் கிடைத்த ஒவ்வொன்றின் பக்கத்திலும், 'டாக்டர் நேரில் சொன்னது' என்றும் தேதியும் குறித்துவிடுங்கள். அசலில் உள்ளது எது, பின்னால் சேர்ந்தது எது என்பது கலந்துவிடக்கூடாது.

வார்டில் கடைசியாக எந்த மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்பதையும் கிளம்பும்போது செவிலியரிடம் கேளுங்கள். மாலையில் கிளம்பினால் இரவு வேளை கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் எங்கோ, வண்டியில் போகும்போது வரும். அதைக் கைப்பையில் தனியாக எடுத்துவைக்கவேண்டும்.

6. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மாத்திரைகள்

இதற்குச் சம்மரியில் பெரும்பாலும் வரியே இருக்காது, ஆனால் தவறு நேர வாய்ப்பு அதிகமுள்ள இடம் இதுதான். தருமபுரி வீட்டு அலமாரியில் இருந்த எல்லா அட்டைகளையும் இருபுறமும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். ஊர் டாக்டர் முன்பு கொடுத்திருந்த ஒரு கேப்சூலுக்குள் ஆஸ்பிரின் 75 மி.கி., அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. இரண்டும் சேர்ந்திருந்தன. புதிய பட்டியலில் ஆஸ்பிரின் தனியாகவும் அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. தனியாகவும் இருந்தன. பெயர் வேறு, நிறம் வேறு; இரண்டையும் சேர்த்தே கொடுத்திருப்பார்கள். படத்தை மருத்துவரிடம் காட்டி, அவர் நிறுத்தச் சொன்னபின், மருந்துத் தாளின் அடியில் 'இனிக் கொடுக்கக்கூடாதவை' என்று தலைப்பிட்டு அதன் பெயரை எழுதினேன். இதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். நிறுத்துவதும் மருத்துவர் சொல்லவேண்டியதே.

7. சரிபார்த்தல்

எழுதியவரே சரிபார்த்தால் பிழை தெரியாது. ஆங்கில அசலைப் பார்த்திராத ஒருவரிடம் தமிழ்த் தாளை மட்டும் கொடுத்து, "இந்த மாத்திரையை எப்போது, எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். அசலை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு அவர் சொல்வதோடு ஒப்பிடுங்கள். அவர் தயங்குகிற வரியைத் திருத்தி எழுதவேண்டும், விளக்கிச் சொல்லிவிட்டுக் கடந்துவிடக்கூடாது. ஊரில் விளக்க நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

அதன்பின் இரு மொழியும் தெரிந்த மருத்துவப் பணியாளர் ஒருவர் பார்ப்பது நல்லது. பெங்களூரு மருத்துவமனைகளில் தமிழ் படிக்கத் தெரிந்த செவிலியர் கிடைப்பது அரிதன்று. வார்டில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அல்சூர், சிவாஜிநகர் போலத் தமிழர்கள் நிறைந்த பகுதியின் மருந்துக்கடையில் விசாரியுங்கள். மருந்தாளுநர் தமிழ் படிப்பவராக இருந்தால் மாத்திரை அட்டைகளையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். பெயரும் மில்லிகிராமும் அட்டையோடு பொருந்துகின்றனவா என்று அவர் பார்த்துச் சொன்னால் போதும். மருந்தை மாற்றுவதுபற்றி அவரிடம் கேட்க வேண்டாம்.

ஒப்பிடும்போது அசலிலேயே பிழை தென்பட்டால், உதாரணமாக சம்மரியில் 25 என்றும் மருந்தக பில்லில் 50 என்றும் இருந்தால், தமிழில் எதையும் எழுதாமல் மருத்துவமனைக்குத் திரும்புங்கள். பேனாவால் திருத்தித் தந்தால் கையொப்பமும் தேதியும் கேளுங்கள். முடிந்தால் புதிதாக அச்சிட்டு வாங்குங்கள்.

8. செலவும் பிரதிகளும்

அச்சுக்கும் நகலுக்கும் ஆகும் சில ரூபாய்தான் செலவு. மொழிபெயர்ப்பு நிறுவனங்கள் பக்கத்துக்கோ சொல்லுக்கோ இவ்வளவு என்று வாங்குவார்கள். அவர்களிடம் கொடுத்தாலும் ஐந்தாம், ஆறாம் படிகளை நீங்களேதான் செய்யவேண்டும், ஆகவே வீட்டு உபயோகத்துக்கு அது எனக்குத் தேவையாகப் படவில்லை. எழுதிச் சரிபார்க்க ஒரு முழு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள்.

பெரியவர்கள் கண்ணாடி இல்லாமலும் படிக்கும் அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்கட்டும். மருந்தின் பெயர் ஒரு வரியிலும் அதன் அளவு அடுத்த வரியிலுமாக உடையாமல் பாருங்கள். தாளின் மேல் நோயாளியின் பெயர், மருத்துவமனைப் பதிவெண், சம்மரியின் தேதி, 'சந்தேகம் வந்தால் ஆங்கில அசலே சரி' என்ற வரி, உங்கள் தொலைபேசி எண் ஆகியவை இருக்கவேண்டும். ஆங்கில அசலின் நகலைத் தமிழ்த் தாளோடு சேர்த்துப் பின் குத்திவையுங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போதும் இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள்.

மருந்துத் தாளை லேமினேட் செய்யாதீர்கள், அது மாறப்போகும் தாள். மறுபரிசோதனையில் ஒரு மாத்திரை மாறினாலும் பழைய தாளில் அடித்துத் திருத்தாமல் புதிய தாளை முழுவதுமாக எழுதி, புதிய தேதியிட்டு அனுப்புங்கள். அது போய்ச் சேர்ந்ததும், பெட்டியில் இருக்கும் பழைய தாளைக் கிழித்துவிட்டார்களா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.